ஒரு காயிலுக்கு எத்தனை மீட்டர்?

கேஷ் கிரெடிட் வாங்கித் தொழில் செய்கிற வியாபாரி மாதா மாதம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுத்தாக வேண்டும். கையில் இருக்கும் சரக்கின் மதிப்பைப் பார்த்துத்தான் அவர் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று வங்கி முடிவு செய்கிறது. அதே மதிப்புதான் மார்ச் 31 அன்று இறுதிச் சரக்கிருப்பாக லாப நட்டக் கணக்கில் ஏறி, வருமான வரியையும் தீர்மானிக்கிறது. அடுத்த வாரம் எதை ஆர்டர் போடுவது, எதைத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்துத் தீர்ப்பது என்பதும் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். இத்தனை பாரம் தாங்கும் அந்தத் தாள் எங்கிருந்து வருகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

கணினி குடோனுக்குள் போய் எண்ணிப் பார்ப்பதில்லை. அது இரண்டே இடங்களிலிருந்து எடுத்துக் கூட்டிக் கழிக்கிறது. ஒன்று, நாம் போடும் கொள்முதல் பில்லும் விற்பனை பில்லும். மற்றொன்று, ஐட்டம் மாஸ்டர். அதாவது ஒவ்வொரு சரக்குக்கும் ஒருமுறை உருவாக்கி வைத்த பக்கம். சரக்கின் பெயர், கோடு, அடிப்படை அளவு, ஒரு பெட்டிக்கு எத்தனை, எந்தக் குழு, ஜிஎஸ்டி விகிதம், எந்த அளவுக்குக் கீழே போனால் ஆர்டர் போட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இந்த இரண்டில் பில்லைப் பலர் சரிபார்க்கிறார்கள். வாங்கியவர் பார்க்கிறார், சப்ளையர் பார்க்கிறார், ஆடிட்டர் பார்க்கிறார். மாஸ்டர் பக்கத்தை உருவாக்கிய நாளுக்குப் பிறகு திறந்து பார்ப்பவர் அபூர்வம். ஆனால் கெடுதலின் அளவு நேர் எதிர். பில்லில் செய்த தவறு அந்த ஒரு பில்லோடு போய்விடும். மாஸ்டரில் செய்த தவறு அதற்குப் பின் போடுகிற ஒவ்வொரு சரியான பில்லையும் தவறாக்கிக்கொண்டே இருக்கும். பில் போடுபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு மின்சாமான் கடையின் ஒரே ஒரு சரக்கை வைத்துப் பார்க்கலாம். கணக்கு எளிதாக இருக்க எண்களை முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன்.

வீட்டு வயரிங்குக்குப் போகும் 1.5 சதுர மில்லிமீட்டர் சிவப்பு ஒயர். நம் ஊரில் இது பெரும்பாலும் 90 மீட்டர் காயிலாக வரும். 100 மீட்டர் காயில் போடும் கம்பெனிகளும் உண்டு. கடையில் ஏற்கெனவே 100 மீட்டர் காயில் ஒன்று மாஸ்டரில் இருந்தது. புதிதாக வேறு கம்பெனியின் 90 மீட்டர் காயில் வந்தபோது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பழைய பக்கத்தை நகல் எடுத்துக் கம்பெனி பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். உள்ளே ஒரு வரி அப்படியே நின்றுவிட்டது: 1 காயில் = 100 மீட்டர். கடை காயிலாகவும் விற்கிறது, லூஸாக மீட்டர் கணக்கிலும் விற்கிறது. அடிப்படை அளவு மீட்டர்.

இப்போது 40 காயில் வருகிறது. கொள்முதல் பில் சரியாக 40 காயில் என்றே ஏறுகிறது. கணினி அதை 4,000 மீட்டராக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் வந்தது 3,600. அந்த மாதம் முழுக் காயிலாக 25 விற்கிறது, லூஸாக 450 மீட்டர் விற்கிறது. கணினியின் கணக்கில் போனது 2,500 மீட்டரும் 450 மீட்டரும், ஆக 2,950. மீதி 1,050 மீட்டர். உண்மையில் போனது 2,250 மீட்டரும் 450 மீட்டரும், ஆக 2,700. ரேக்கில் இருப்பது 900 மீட்டர், அதாவது பிரிக்காத 10 காயில். ரிப்போர்ட்டுக்கும் ரேக்குக்கும் 150 மீட்டர் இடைவெளி. இந்த 150 மீட்டர் ஒருநாளும் கடைக்குள் வந்ததே இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. முழுக் காயிலாக விற்ற 25-இல் தவறு தெரியாது. வரும்போது 10 மீட்டர் கூடுதலாக ஏறியது, போகும்போது அதே 10 மீட்டர் கூடுதலாகக் கழிந்துவிட்டது. பிரச்சினை மீதி 15 காயிலில்தான்: ரேக்கில் நிற்கும் 10, லூஸுக்காகப் பிரித்த 5. ரேக்கில் நிற்கும் 10 காயிலையும் முழுதாக விற்றுவிட்டால் அவற்றின் பொய்யும் கழிந்துவிடும். பிரித்து விற்ற 5 காயிலின் பொய் கழியவே கழியாது. ஒயர் எல்லாம் தீர்ந்த பிறகும் ரிப்போர்ட்டில் 50 மீட்டர் நிற்கும். அடுத்த மாதம் இன்னும் 5 காயில் பிரித்தால் அது 100 மீட்டராகும். ஆறு மாதத்தில் 300. மாஸ்டரில் இருக்கும் அந்த ஒற்றை எண், ஒவ்வொரு காயிலைப் பிரிக்கும்போதும் 10 மீட்டர் ஒயரைத் தாளில் உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது.

பணக் கணக்கில் இது இன்னும் மோசமாக முடியும். காயில் விலை 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி அதை 100-ஆல் வகுத்து மீட்டர் அடக்கம் 18 ரூபாய் என்று காட்டும். உண்மை அடக்கம் 20 ரூபாய். எலக்ட்ரீஷியன் ஒருவர் மொத்தமாகக் கேட்கிறார் என்று 19 ரூபாய் 50 காசுக்குக் கொடுத்தால், மீட்டருக்கு ஒன்றரை ரூபாய் லாபம் என்று திரை சொல்லும். உண்மையில் ஒவ்வொரு மீட்டருக்கும் 50 காசு கையைக் கடிக்கிறது. சரக்கிருப்பு மதிப்பும் அப்படியே. திரையில் 1,050 மீட்டர், 18 ரூபாய் வீதம் 18,900 ரூபாய். ரேக்கில் 900 மீட்டர், 20 ரூபாய் வீதம் 18,000. இறுதிச் சரக்கு 900 ரூபாய் கூடுதலாக நிற்பதால் லாபமும் 900 ரூபாய் கூடுதலாகத் தெரியும். அதற்கு வரியும் கட்ட வேண்டும். ஒரு ஒயருக்கு 900 ரூபாய் சிறிய தொகைதான். ஒரு மின்சாமான் கடையில் ஆயிரக்கணக்கான ஐட்டங்கள் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சரக்கெடுப்பில் 150 மீட்டர் குறைகிறது. முதலாளி பில்களைப் பார்க்கிறார், எல்லாம் சரியாக இருக்கின்றன. பில் சரி, சரக்கு குறைவு என்றால் பார்வை எங்கே போகும்? லூஸ் ஒயர் வெட்டிக் கொடுக்கும் பையன் மேல். "பில் போடாம யாருக்குப்பா வெட்டிக் கொடுத்த?" என்ற கேள்வி வருகிறது. அவனிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவன் எதையும் எடுக்கவில்லை. வாதாடிப் பார்த்துவிட்டு அவன் வேலையை விட்டுப் போகிறான். அடுத்த மாதம் புதுப் பையன் காலத்திலும் அதே ஒயரில் குறைகிறது. தாளை நம்பி ஆளைச் சந்தேகிக்கிற இந்தத் தவறு சின்னக் கடைகளிலும் பெரிய குடோன்களிலும் நடக்கிறது.

திருட்டா, பில் தவறா, மாஸ்டர் தவறா என்று பிரித்துப் பார்க்க வழி உண்டு. மாஸ்டர் தவறு எப்போதும் ஒரே பக்கம் சாயும். குறைகிற ஐட்டம் ஒவ்வொரு முறையும் குறையும், கூடுகிற ஐட்டம் ஒவ்வொரு முறையும் கூடும். அதில் ஒரு விகிதமும் இருக்கும். மேலே சொன்ன ஒயரில் வித்தியாசம் எப்போதும் பத்தின் மடங்காக வரும். பில் போடும்போது விழும் தவறு சில முறை கூடும், சில முறை குறையும். திருட்டு விலை கூடிய, கையில் அடங்குகிற, வெளியே எளிதில் விற்கக்கூடிய சரக்கைத் தேடிப் போகும், அதற்கு விகிதம் கிடையாது. வெட்டும்போது ஒன்றிரண்டு மீட்டர் வீணாவது எல்லாக் கம்பெனி ஒயரிலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு கம்பெனியின் ஒயரில் மட்டும் குறைகிறது, பக்கத்து ரேக்கில் இருக்கும் மற்ற கம்பெனி ஒயர் சரியாக நிற்கிறது என்றால், முதலில் திறக்க வேண்டியது மாஸ்டர் பக்கத்தை.

பலரும் செய்வது வேறு. எண்ணிப் பார்த்து, ரிப்போர்ட்டை 900 என்று திருத்தி, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அன்று மாலை வரை ரிப்போர்ட் சரியாக இருக்கும். 1 காயில் = 100 மீட்டர் என்ற வரி உயிரோடு இருப்பதால் அடுத்த கொள்முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். இன்னொரு அரைகுறை வேலையும் உண்டு. மாஸ்டரில் 100-ஐ 90 ஆக்கிவிட்டு, ஏற்கெனவே ஏறி நிற்கும் பொய் மீட்டர்களை எடுக்காமல் விடுவது. அப்போது பழைய மிச்சம் நிரந்தரமாகத் தங்கிவிடும். மூன்றையும் ஒரே நாளில், இதே வரிசையில் செய்தால்தான் தீரும்: மாஸ்டரைத் திருத்து, ரேக்கை எண்ணு, எண்ணியதற்கு ஏற்ப இருப்பைத் திருத்து. திருத்தும் பதிவில் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்கும்போது யாருக்கும் நினைவிருக்காது.

அளவுத் தவறுக்கு அடுத்தபடியாகக் கெடுதல் செய்வது ஒரே சரக்கு இரண்டு பெயரில் இருப்பது. அதே சிவப்பு ஒயர் மாஸ்டரில் `WIRE 1.5 RED 90M` என்று இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த பில்லிங் ஆள் `RED` என்று தட்டித் தேடுகிறார், முதலில் எதுவும் வரவில்லை. கவுண்டரில் வாடிக்கையாளர் நிற்கிறார். உடனே `RED 1.5 SQMM WIRE` என்று புதிதாக ஒன்றை உருவாக்கிப் பில் போட்டுவிடுகிறார். அன்றிலிருந்து கொள்முதல் எல்லாம் பழைய பெயரில், விற்பனையில் பாதி புதுப் பெயரில்.

20 காயில் வந்து 12 விற்றது, அதில் 6 புதுப் பெயரில் போனது என்றால், முதல் பெயரில் 14 நிற்கும், இரண்டாவதில் மைனஸ் 6. உண்மை இருப்பு 8. பத்துக்குக் கீழே போனால் ஆர்டர் போட வேண்டும் என்று குறித்து வைத்திருந்தாலும் பட்டியலில் இது வராது, ஏனென்றால் கணினி பார்ப்பது 14-ஐ. மீதி 8-உம் புதுப் பெயரிலேயே விற்றுவிட்டால் முதல் பெயரில் இன்னும் 14, இரண்டாவதில் மைனஸ் 14, ரேக்கில் ஒன்றும் இல்லை. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம், அது உண்மைதான். ஆனால் ஆர்டர் போடுபவர் கூட்டிப் பார்ப்பதில்லை. மூன்று மாதம் அசையாத சரக்குப் பட்டியல் எடுத்தால் முதல் பெயர் அதில் வந்து நிற்கும். கடையில் வேகமாக ஓடுகிற ஒயர், ரிப்போர்ட்டில் தேங்கிய சரக்காகத் தெரியும். அதை நம்பி அந்த ஒயருக்குத் தள்ளுபடி அறிவித்தால் நட்டம் யாருக்கு?

மைனஸ் இருப்பு என்பது இந்த வகையில் நல்ல அடையாளம். கையில் இல்லாததை யாராலும் விற்க முடியாது. ஆகவே ரிப்போர்ட்டில் மைனஸ் வந்தால், கொள்முதல் பில் இன்னும் ஏறவில்லை, அல்லது சரக்கு வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறது, அல்லது அளவு மாற்றம் தவறு. பல கடைகளில் இந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. சிலர் வருடக் கடைசியில் எல்லா மைனஸையும் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இன்னொரு பெயரில் நிற்கும் பொய் ப்ளஸ் அப்படியே தங்கி, சரக்கு மதிப்பை ஊதிக்கொண்டே போகும்.

இது சின்னக் கடைகளின் ஒழுங்கின்மை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவின் பெரிய சில்லறை நிறுவனங்களில் ஒன்றான டார்கெட், 2013 மார்ச்சில் கனடாவில் முதல் கடைகளைத் திறந்தது. குறுகிய காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் திறக்க வேண்டியிருந்ததால், அமெரிக்காவில் பல ஆண்டுகளாகப் பழகிய தங்கள் மென்பொருளை விட்டுவிட்டு, சாப் மென்பொருளைப் புதிதாக நிறுவினார்கள். சுமார் 75,000 பொருள்களின் விவரங்களை அவசர அவசரமாகக் கையால் ஏற்றினார்கள். நீளம், அகலம், உயரம் இடம் மாறின. சென்டிமீட்டர் கேட்ட இடத்தில் அங்குலம் ஏறியது. பெயர்களில் எழுத்துப் பிழை, விலையில் நாணயக் குழப்பம், சில பொருள்களுக்குச் சுங்க வரிக் கோடே இல்லை. அமெரிக்காவில் 98 சதவீதத்துக்கு மேல் சரியாக இருந்த பொருள் விவரம், கனடாவில் சுமார் 30 சதவீதம்தான் சரியாக இருந்ததாகப் பின்னர் கனடியன் பிசினஸ் பத்திரிகை விரிவாக எழுதியது.

விளைவு, கடை ரேக்குகள் காலி, குடோன்கள் நிரம்பி வழிந்தன. பெட்டியின் அளவு தவறாக இருந்தால் எத்தனை பெட்டி எந்த ரேக்கில் அடங்கும் என்ற கணக்கு தவறும், லாரியில் எவ்வளவு ஏற்றலாம் என்பதும் தவறும். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் சப்ளையர்களோடு உட்கார்ந்து சரிபார்க்க ஒரு வாரம் ஒதுக்கினார்கள். நிலைமை ஓரளவு தேறியது, ஆனால் காலம் கடந்துவிட்டது. 2015 ஜனவரியில் கனடாவை விட்டு வெளியேறுவதாக நிறுவனம் அறிவித்தது. 133 கடைகள் மூடப்பட்டன, சுமார் 17,600 பேர் வேலை இழந்தார்கள். விலை, இடம், போட்டி என்று வேறு காரணங்களும் இருந்தன, மாஸ்டர் மட்டுமே அந்த நிறுவனத்தைக் கவிழ்த்தது என்று சொல்வது மிகை.

அந்தப் பத்திரிகைச் செய்தியில் வரும் ஒரு விஷயம் எல்லோரும் கவனிக்க வேண்டியது. தானாக ஆர்டர் போடும் வசதியை ஒவ்வொரு பொருளுக்கும் மாஸ்டரில் நிறுத்திவைக்க முடியும். நிறுத்திவைத்த பொருள் தீர்ந்துபோனாலும் 'இருப்பில் இல்லை' என்ற கணக்கில் வராது. மேலிடத்துக்குப் போகும் சதவீதம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று சிலர் அதை நிறுத்திவைத்திருந்தார்கள். ரேக் காலி, ரிப்போர்ட் பிரமாதம். மாஸ்டரை யார் மாற்றலாம், யார் மாற்றியது என்ற பதிவு இல்லாத இடத்தில், தவறு மட்டுமல்ல, மறைப்பும் அதன் வழியாகத்தான் நுழையும்.

மாஸ்டர் சரியாக இருந்தால் ரிப்போர்ட் எப்போதும் சரியாக இருக்குமா என்றால், இல்லை. நிக்கோல் டிஹொரேஷியஸ், ஆனந்த் ராமன் ஆகிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 65 சதவீதப் பதிவுகள் ரேக்கில் இருந்ததோடு ஒத்துப்போகவில்லை. இடம் மாற்றி வைப்பது, உடைவது, ஸ்கேன் செய்யத் தவறுவது, திருட்டு எல்லாம் எந்தக் கடையிலும் நடந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் மாஸ்டர் சுத்தமாக இருந்தால், வருகிற வித்தியாசத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கும். 4 மீட்டர் குறைகிறது என்றால் உண்மையிலேயே 4 மீட்டர் எங்கோ போயிருக்கிறது, தேடலாம். மாஸ்டர் கெட்டிருந்தால் 150 மீட்டரில் எது உண்மையான குறைவு, எது தாளில் பிறந்தது என்று பிரிக்கவே முடியாது. உண்மையான திருடனுக்கும் அதுதான் வசதி.

சரிசெய்வதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. புது ஐட்டம் உருவாக்கும் உரிமையைக் கவுண்டரிலிருந்து எடுத்து ஒரே ஒருவரிடம் கொடுக்க வேண்டும். பில்லிங் ஆள் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அவரைக் கேட்கட்டும், ஐந்து நிமிடம் தாமதமாகட்டும். பெயர் எழுதும் வரிசையை ஒன்றாக்க வேண்டும்: முதலில் பொருள், பிறகு அளவு, நிறம், பேக்கிங், கம்பெனி. இந்த வரிசையை அச்சடித்து மேசையில் ஒட்டிவைத்தால் இரட்டைப் பெயர்களில் பெரும்பகுதி நின்றுவிடும். அடிப்படை அளவாக, கடையில் விற்கிற மிகச் சிறிய அளவை வைத்துக்கொள்ள வேண்டும். லூஸாக மீட்டரில் விற்றால் மீட்டர், ஒற்றையாக விற்றால் ஒன்று.

பேக்கிங் மாறும்போது பழைய ஐட்டத்திலேயே எண்ணை மாற்றக் கூடாது. ஒரு பெட்டிக்கு 20 ஸ்விட்ச் போட்ட கம்பெனி 10 என்று மாற்றினால், ரேக்கில் இரண்டு வகைப் பெட்டியும் கலந்து நிற்கும். எண்ணை மாற்றினால் பழைய பெட்டிகளின் கணக்கு கெடும். புதுப் பேக்கிங்குக்குப் புது ஐட்டம் என்பதே பாதுகாப்பு. பார்கோடு எண்களை நிர்வகிக்கும் உலக அமைப்பான ஜிஎஸ்1-இன் விதியும் இப்படித்தான்: உறையில் அறிவித்த நிகர அளவு மாறினால் பொருளுக்குப் புது எண் தர வேண்டும்.

ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும் மாஸ்டரை ஒரே மூச்சில் துப்புரவு செய்ய உட்காராதீர்கள். பாதியில் சலித்துப்போகும், அவசரத்தில் புதுத் தவறுகள் ஏறும். சரக்கு மதிப்பில் மேலே நிற்கும் ஐம்பது ஐட்டங்களை எடுங்கள். மாஸ்டர் பக்கத்தின் அச்சுப் பிரதியோடு குடோனுக்குப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டியைக் கையில் எடுத்து லேபிளைப் படியுங்கள். காயிலில் 90 மீட்டர் என்று அச்சாகியிருக்கிறதா, தாளில் என்ன இருக்கிறது? பெட்டிக்குள் எத்தனை என்று எண்ணுங்கள். இது சரக்கை எண்ணும் வேலை அல்ல, பக்கத்தைச் சரிபார்க்கும் வேலை, அதனால் இரண்டு பேர் ஒரே நாளில் முடித்துவிடலாம். அது முடிந்ததும் மைனஸ் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஜோடிப் பெயர் இருக்கிறதா என்று தேடி, இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

வருகிற மார்ச் 31 சரக்கெடுப்புக்கு முன்பே இதை முடித்துக்கொள்ளுங்கள். அதற்குள் எந்த ஐட்டத்திலாவது சரக்கு குறைந்தால், கடைப் பையனை அழைத்து விசாரிக்கும் முன், அந்த ஐட்டத்தின் மாஸ்டர் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.